முதல் கச்சேரியில் ஆலாபனை, ராகம், தாளம்: எதை எப்போது கவனிப்பது?

முதல் தடவை சபாவுக்குப் போகிறவர்கள் கச்சேரி முழுவதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். நடுவில் வரும் பெரிய உருப்படி ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே மோகன ராகத்தில், ஆதி தாளத்தில் தியாகராஜர் இயற்றிய 'நன்னு பாலிம்ப' பாடப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

1. மிருதங்கம் ஓய்ந்திருக்கிறதா?

மிருதங்கக்காரர் வாசிக்காமல் உட்கார்ந்திருக்க, பாடகர் பாட்டு வரிகள் இல்லாமல் 'ததரின' என்று இழுத்துப் பாடினால் அதுதான் ஆலாபனை. அதற்குத் தாளம் கிடையாது, எனவே எண்ண வேண்டாம். பாடகர் முடித்ததும் வயலின்காரர் தனியாக வாசிப்பார். அது அடுத்த பாட்டு இல்லை, அதே ராகம்தான். முதலில் பிடிபடாததை மறுபடி கேட்க நல்ல வாய்ப்பு.

2. ராகத்தை ஆலாபனையிலேயே பழகுங்கள்

மோகனத்தில் ச ரி க ப த என்ற ஐந்து ஸ்வரங்கள்தான். ம, நி இரண்டும் வராது. கச்சேரியின் தொடக்கத்தில் அடிக்கடி பாடப்படும் 'வாதாபி கணபதிம்' ஹம்சத்வனி ராகம். அதில் த இருக்க வேண்டிய இடத்தில் நி இருக்கும், மற்ற நான்கும் அதேதான். போவதற்கு முன் இந்த இரண்டு ராகங்களையும் வீட்டில் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே ஒரு ஸ்வரம் மாறினால் ராகத்தின் முகமே எப்படி மாறுகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஸ்வரப் பட்டியல் மட்டும் ராகம் ஆகாது. எந்த ஸ்வரத்தில் நின்று பாடுகிறார், எதை அசைக்கிறார் என்பதும் சேர்ந்ததுதான் ராகம். அதனால்தான் ஆலாபனையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

3. பாட்டு தொடங்கியதும் கையைப் பாருங்கள்

இப்போது மிருதங்கம் சேரும். பாடகரின் கை தொடையில் ஒரு தட்டு தட்டும். அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8, இதுதான் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். பாட்டு மெதுவாக நடந்தால் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு முறை போடுவார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது முதல் சொல்லோடு எண்ணத் தொடங்குவதால்தான். பல பாட்டுகள் தட்டு விழுந்து சற்றுத் தள்ளியே தொடங்கும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். நீங்கள் வீசும்போது பாடகர் தட்டினால் எண்ணிக்கை பிசகிவிட்டது என்று அர்த்தம். சரி, நிறுத்திவிட்டு அவருடைய சுண்டுவிரலுக்குக் காத்திருங்கள். முதல் தட்டுக்கு அடுத்துதான் அது வரும், ஆகவே அங்கிருந்து சேர்ந்துகொள்ளலாம். விரல் எண்ணிக்கையே இல்லையென்றால் அது ஆதி தாளம் இல்லை; ரூபகமாகவோ மிஸ்ர சாபாகவோ இருக்கலாம்.

4. ஸ்வரங்களின் பெயர் கேட்கும்போது

பாட்டின் ஒரு வரியில் நின்று, மிருதங்கத்தோடு ச ரி க என்று பெயர் சொல்லியே பாடினால் அது ஆலாபனை இல்லை, கல்பனா ஸ்வரம். ஒவ்வொரு சுற்றும் அந்த வரியின் எடுப்பில் வந்து சேரும். கூடவே தாளம் போட்டுக்கொண்டு, ம, நி வருகிறதா என்று கேளுங்கள். இரண்டும் வராமல் த வருகிறதென்றால், ஆலாபனையில் மோகனம் என்று நீங்கள் ஊகித்தது சரியாகவே இருக்கக்கூடும்.