பெஸ்ட் பாயைத் தமிழில் எப்படி எழுதுவது? டைட்டில் கார்டு தமிழாக்கம், படிப்படியாக

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளைப் பற்றி நண்பர்கள் சிலர் 28 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தார்கள். விழாக்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்புறம், படம் எடுத்த ஊரிலேயே சமுதாயக் கூடத்தில் போட்டுக் காட்டலாம் என்று முடிவானது. "எழுத்தை மட்டும் தமிழ்ல மாத்திக் கொடு" என்று என்னிடம் வந்தார்கள். மொத்தம் அறுபது வரி. ஒரே மாலையில் முடித்துக் கொடுத்தேன்.

திரையிட்ட அன்று, விளக்குப் பிரிவில் வேலை செய்த, ஐம்பது வயது தாண்டிய அண்ணன் ஒருவரின் பெயருக்கு எதிரே "சிறந்த பையன்" என்று ஓடியது. கூடமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அந்த அறுபது வரியை மறுபடி முதலிலிருந்து செய்தபோது கற்றுக்கொண்டதுதான் இது.

1. முதலில் ஒரு அட்டவணை

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, திரையில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் வரிசை எண்ணோடு ஒரு விரிதாளில் தட்டச்சு செய்யுங்கள். ஆங்கிலப் பதவி, அந்த ஆள் உண்மையில் செய்த வேலை, தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் பெயர், தமிழில் பெயர் என்று ஐந்து பத்திகள் போதும். இரண்டாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன். பெஸ்ட் பாய் என்பவர் விளக்குப் பிரிவுத் தலைவரான கேஃபருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். வேலையை ஒரு வரி எழுதியிருந்தால் 'பையன்' என்ற சொல்லே மனதில் வந்திருக்காது.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் தனிக் கார்டில் என்பதெல்லாம் பேசி முடிவு செய்தவையாக இருக்கும். தமிழ் அகரவரிசைக்காக அதைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை.

2. ஆளைச் சொல்வதா, வேலையைச் சொல்வதா?

இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். தமிழ்ப் படங்களின் கார்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, பாடல்கள், ஒப்பனை, சண்டைப் பயிற்சி. பெரும்பாலும் வேலையின் பெயரே மேலே நிற்கும், ஆளின் பெயர் கீழே வரும். ஆங்கிலத்தில் 'இவரால் இயக்கப்பட்டது' என்கிற அமைப்பு இருக்கிறதே என்று நாமும் 'ஆல்' சேர்க்கக் கூடாது. 'இயக்கம்' என்ற ஒரே சொல் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் டைரக்டர் என்ற சொல் பல பிரிவுகளின் தலைவர்களுக்கும் வரும். அதை ஒவ்வொரு முறையும் 'இயக்குநர்' என்று எழுதினால், ஒரே படத்துக்கு நான்கு இயக்குநர்கள் இருப்பதுபோல் ஊர்க்காரருக்குத் தோன்றும். வேலையைச் சொன்னால் டைரக்டர் ஆஃப் போட்டோகிராஃபி 'ஒளிப்பதிவு' ஆகிவிடுகிறது, காஸ்டிங் டைரக்டர் 'நடிகர் தேர்வு' ஆகிவிடுகிறது. கேமரா ஆபரேட்டரையும் நான் முதலில் 'கேமரா இயக்குநர்' என்று எழுதியிருந்தேன். பிறகு 'கேமராவை இயக்கியவர்' என்று மாற்றினேன். சொல் ஒன்றுதான், ஆனால் அந்த '-நர்' வந்தாலே நம் ஆட்களுக்கு டைரக்டர் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஒரே வேலையைப் பலர் செய்யும்போது மட்டும் ஆளுக்குப் போகலாம்: உதவி இயக்குநர்கள், ஓட்டுநர்கள். அங்கே எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே ஒரு பெயருக்கு மேல் 'ஓட்டுநர்கள்' என்று இருந்தால் மற்றவர்கள் எங்கே என்று யாராவது கேட்பார்கள். இயக்குநரா, இயக்குனரா என்றால் நான் 'நர்' பக்கம். ஓட்டுநர், நடத்துநர் போல அது '-நர்' விகுதி. 'னர்' போட்டாலும் யாரும் அடிக்கப்போவதில்லை, ஆனால் ஒரே படத்தில் இரண்டும் வரக் கூடாது.

3. பதவிகளை மூன்று கூடையில் போடுங்கள்

முதல் கூடை, தமிழ்க் கார்டுகளில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். இதில் புதுமை வேண்டாம். படத்தொகுப்புக்கு இன்னும் நல்ல தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டாவது, கார்டில் அதிகம் பார்க்காத, ஆனால் வேலையைச் சொன்னால் புரிகிற பதவிகள். கேஃபர் 'விளக்கமைப்பு' ஆனார். நம் அண்ணன் 'விளக்கமைப்பு, முதன்மை உதவி' ஆனார். ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்பவர் ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் உடை, பொருள், வசனம் மாறாமல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்பவர். 'கதை மேற்பார்வை' என்று எழுதினால் வேறு ஆளாகிவிடுவார். 'காட்சித் தொடர்ச்சி' சரியாக வரும்.

மூன்றாவது, அப்படியே விட வேண்டியவை. ஃபோலி என்பது ஜாக் ஃபோலி என்பவரின் பெயர். காலடிச் சத்தம், துணி உரசும் சத்தம் போன்றவற்றைப் படம் ஓட ஓட ஸ்டுடியோவில் செய்து பதியும் முறைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. ஆள் பெயரை மொழிபெயர்க்க முடியாது. 'ஃபோலி ஒலிகள்' என்று எழுதினேன்.

இனி உண்மையான கண்ணி. எங்கள் பட்டியலில் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் ஒருவர், புரொடக்ஷன் மேனேஜர் ஒருவர். முன்னவருக்கு 'தயாரிப்பு நிர்வாகி' என்று போட்டேன். அகராதிப்படி பெரிய தவறு தெரியாது. ஆனால் தமிழ்ப் படவுலகில் தயாரிப்பு நிர்வாகி என்றால் வண்டி, சாப்பாடு, தங்குமிடம், படப்பிடிப்பு அனுமதி என்று ஓடுகிற மனிதர். பணத்துக்கு வழி செய்தவர் சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணியவராகிவிட்டார், உண்மையிலேயே எண்ணியவருக்குச் சொல் இல்லாமல் போய்விட்டது. சொற்களைத் திருப்பிப் போட்டதும் இருவரும் தங்கள் இடத்துக்கு வந்தார்கள்: முன்னவருக்கு 'நிர்வாகத் தயாரிப்பு', பின்னவருக்கு 'தயாரிப்பு நிர்வாகம்'.

ஃபர்ஸ்ட் அசிஸ்டண்ட் டைரக்டரும் இதே கதைதான். வெளிநாட்டு முறையில் அவர் படப்பிடிப்பு அட்டவணையையும் தளத்தையும் கட்டி மேய்ப்பவர். நம் வழக்கத்தில் இணை, துணை, உதவி என்று இறங்கும் படிகளில் உதவி இயக்குநர் கடைசிப் படி. வெறும் 'உதவி இயக்குநர்' என்று எழுதினால் பதவி இறக்கம். 'முதன்மை உதவி இயக்குநர்' என்று எழுதி, அவரிடமே காட்டிச் சம்மதம் வாங்கினேன்.

4. '&' ஒன்று, 'ஆண்ட்' வேறு

எழுத்துக்கான கார்டில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் இரண்டுக்கு நடுவே '&' குறி, மூன்றாவதற்கு முன் 'ஆண்ட்' என்று எழுத்தால். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வழக்கப்படி '&' போட்டால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியவர்கள். 'ஆண்ட்' என்றால் தனித்தனியே எழுதியவர்கள், பெரும்பாலும் ஒருவருக்குப் பின் ஒருவர். எங்கள் குழுவில் ஒருவர் அமெரிக்கப் படக் குழுக்களோடு வேலை செய்தவர், தெரிந்தேதான் அப்படிப் போட்டிருக்கிறார். நான் இரண்டுக்கும் 'மற்றும்' என்று எழுதி அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டேன். இப்போது '&' குறியை அப்படியே வைத்துக்கொள்கிறேன், 'ஆண்ட்' வரும் இடத்தில் மட்டும் 'மற்றும்'.

5. பெயர்களை ஊகிக்காதீர்கள்

Mathan என்று ஒரு பெயர். நான் யோசிக்காமல் 'மதன்' என்று எழுதினேன். அவர் படுகர். அவர் பெயர் மாதன். Bellie என்பதைப் 'பெல்லி' என்று எழுதினால் பெள்ளி ஐயா சண்டைக்கு வர மாட்டார், ஆனால் அவர் வீட்டு ஆட்கள் அந்தப் பெயரை அடையாளம் காண மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது, லகர ளகரம் தெரியாது. எனவே ஒவ்வொருவரிடமும் போனில் கேளுங்கள், முடிந்தால் அவர்கள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பெழுத்தையும் கேளுங்கள். ஆர் என்ற ஆங்கில எழுத்தை 'ஆர்.' என்றே போடுபவரும் உண்டு, 'இரா.' என்று போடுபவரும் உண்டு. இதில் ஒரே விதி வைத்து எல்லோரையும் மாற்றுவது தவறு. பதவிச் சொற்கள் படம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும், பெயர்கள் அவரவர் விருப்பப்படி இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர் பதவிச் சொல் மாதிரிதான். உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் சரி. இடம் காட்டும் கார்டுகளில் 'உதகமண்டலம்' என்று வைத்தோம். ஊட்டி என்பது பேச்சில் வரும் இடத்தில், கீழே ஓடும் வசனத்தில் மட்டும்.

6. கார்டில் மேல் கீழ் மாறும்

ஆங்கிலத்தில் 'நினைவாக' என்னும் பொருள்படும் வரி மேலே, பெயர் கீழே. தமிழில் பெயர் முதலில் வந்து, 'அவர்களின் நினைவாக' என்பது பின்னால் வர வேண்டும். நான் விரிதாளில் சரியாகத்தான் எழுதினேன். எடிட்டர் தம்பி ஆங்கிலப் பெட்டிகள் இருந்த இடத்திலேயே ஒட்டியதால் தலைகீழாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு கார்டையும் திரையில் வரவேண்டிய வடிவத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன். 'ஒரு படைப்பு', 'வழங்கும்' மாதிரியான கார்டுகளுக்கும் இதே சிக்கல்தான்.

காலம் காட்டும் கார்டுகள் எளிது: 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு', 'பச்சைத் தேயிலை விலை, 1998'. முன்னதில் 'பிறகு' என்றால் எல்லா இடத்திலும் 'பிறகு', ஒரு இடத்தில் 'பின்' என்று மாற வேண்டாம். கிரீன் லீஃப் என்பதைப் 'பச்சை இலை' என்று எழுதினால் தேயிலைக்காரர்கள் கீரை என்று நினைப்பார்கள்.

7. எடிட்டருக்குக் கொடுத்த பிறகு

இறுதி வடிவத்துக்கு முன் 'கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ' என்று ஒரு சோதனைக் கார்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி தனியாக மிதந்தாலோ மென்பொருளின் எழுத்து அமைப்பு தமிழுக்குச் சரியாக இல்லை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டி அழகுபடுத்தும் வேலையையும் தமிழில் விட்டுவிடச் சொல்லுங்கள், உயிர்க்குறிகள் பிரிந்து நிற்கும்.

கடைசியாக, பெயர்ப் பட்டியல் கீழிருந்து மேலே நகரும் ஓட்டத்தின் வேகம். மேலும் கீழும் குறிகள் வருவதால் தமிழ் வரிக்கு உயரம் அதிகம் வேண்டும். எங்கள் அறுபது வரிக்கு ஆங்கிலத்தில் வரிக்கு 50 பிக்சல் போதுமாக இருந்தது, தமிழில் 65 ஆனது. 1080 பிக்சல் உயரத் திரையில், நொடிக்கு 25 ஃபிரேமில், ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்று ஓட்டினால் ஆங்கிலம் 54 நொடி, தமிழ் 66 நொடி. இசையோ ஆங்கிலக் கணக்குக்கு வெட்டப்பட்டது. வேகத்தைச் சும்மா கொஞ்சம் கூட்டினால் ஃபிரேமுக்கு மூன்றரை பிக்சல் போல ஆகி எழுத்து நடுங்கும், முழு எண்ணாக வைத்தால் நடுங்காது. நான்கு பிக்சல் என்றால் 50 நொடியில் முடிந்துவிடும், ஆனால் எங்கள் கூடத்தில் வந்து உட்காரும் பெரியவர்கள் படிக்க அது வேகம். அதனால் மூன்றிலேயே வைத்துவிட்டு, இசையின் கடைசிப் பகுதியை இன்னொரு சுற்று போட்டு 12 நொடி நீட்டினோம்.