காக்காய் காட்டிவிட்டு நழுவாமல் வேலைக்குக் கிளம்புவது எப்படி?

வேலைக்குத் திரும்பிய முதல் மூன்று நாளும் நான் திருட்டுத்தனமாகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். காலை எட்டேகாலுக்கு அத்தை பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், முருங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்காயைக் காட்டுவார். அந்த இரண்டு நிமிடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியேறிவிடுவேன். அழுகைச் சத்தம் காதில் விழாததால் பஸ்ஸில் ஏறியதும் நிம்மதியாக இருக்கும்.

நான்காம் நாள் சனிக்கிழமை, விடுமுறை. அன்றைக்குப் பாப்பா என்னைக் குளியலறைக்குக்கூடப் போக விடவில்லை. மதியத் தூக்கத்தில் அடிக்கடி விழித்து, கையை நீட்டி என் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். மாலையில் அத்தை வழக்கம்போலக் கொல்லைக்குத் தூக்கிப் போனபோது, காக்காயைப் பார்த்த மாத்திரத்தில் வீறிட்டு அழுதாள். காக்காய் வந்தால் அம்மா காணாமல் போவாள் என்று பதினொரு மாதக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

அன்றிரவே இன்னும் பத்து நாள் விடுப்பை நீட்டிக்க முடிவு செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அப்படிச் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்த வயதில்?

ஐந்து மாதக் குழந்தை யார் தூக்கினாலும் சிரிக்கும். கண்ணில் படாத பொருள் இன்னும் எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான், சுமார் எட்டு மாதத்தில், உறுதிப்படத் தொடங்குகிறது. அம்மா கண்ணில் இல்லை, ஆனால் எங்கோ இருக்கிறாள் என்பது புரிகிறது. எப்போது வருவாள் என்பது மட்டும் புரிவதில்லை. இந்த இடைவெளிதான் அழுகையாக வெளிவருகிறது. பத்து மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் இது உச்சத்தில் இருக்கும். மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

நம் விடுப்பு முடியும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். பிரசவத்துக்கு முன்பே கொஞ்சம் எடுத்துவிட்டால், குழந்தைக்குப் பத்து, பதினொரு மாதம் ஆகும்போது வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதாவது, அம்மாவை விட்டுப் பிரிவது மிகக் கடினமாக இருக்கும் சமயத்தில். 26 வார விடுப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் திரும்பும் தனியார் நிறுவனப் பெண்களுக்கு முதல் வாரங்கள் எளிதாக இருக்கும். பிறகு ஒன்பதாம் மாதத்தில், 'இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தாள்!' என்று திகைப்பார்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். குழந்தைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 1: ஒரே ஒரு வேலையைக் கைமாற்றுங்கள்

வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். பார்த்துக்கொள்ளப் போகிறவர் மாமியாரோ, அம்மாவோ, சம்பளத்துக்கு வரும் அக்காவோ, யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். குழந்தையின் அன்றாட வேலைகளில் ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

எங்கள் வீட்டில் காலை இட்லி ஊட்டுவதில் தொடங்கினோம். நான் பக்கத்தில் இருந்தேன், ஊட்டியது அத்தை. பாப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன், கிண்ணத்தை வாங்கவில்லை. மூன்றாம் நாள் அத்தையின் விரலைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தாள். அதன்பிறகே குளிப்பாட்டுவதையும், அடுத்துத் தூங்க வைப்பதையும் கைமாற்றினோம். தூக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அரைத் தூக்கத்தில்தான் குழந்தைக்கு அம்மா அதிகம் தேவைப்படுகிறாள்.

தூளி கட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் ஒரு வசதி உண்டு. துவைத்த புடவையைக் கட்டாமல், முந்தைய நாள் நீங்கள் உடுத்தியிருந்த பருத்திப் புடவையைக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் வாசனை அதில் இருக்கும். தவழும் குழந்தை எழுந்து எட்டிப் பார்க்கும் என்பதால் தூளி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

படி 2: வீட்டுக்குள்ளேயே போய் வாருங்கள்

கதவுத் திரைக்குப் பின்னால் மறைந்து, 'அம்மா எங்கே?' என்று கேட்டுவிட்டு, 'இதோ!' என்று முகத்தைக் காட்டும் விளையாட்டு இந்த வயதுக்கு உண்மையான பயிற்சி. மறைந்தவள் வருவாள் என்பதைக் குழந்தை சிரித்துக்கொண்டே கற்கிறது. பிறகு அடுத்த அறைக்குப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கிருந்து குரல் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் திரும்புங்கள்.

எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. வீட்டில் எப்போதும் நைட்டியில் இருப்பேன். பீரோவைத் திறந்து புடவையை எடுத்தாலே பாப்பாவின் உதடு பிதுங்கத் தொடங்கிவிடும். அதனால் விடுப்பு நாட்களிலேயே காலையில் அலுவலகப் புடவையைக் கட்டி, தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு, அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினேன். நான்கைந்து நாளில் புடவை வெறும் புடவையாகிவிட்டது.

படி 3: பத்து நிமிடம் மட்டும் வெளியே

ஜெர்மனியின் குழந்தைகள் காப்பகங்களில் பெர்லின் முறை என்று ஒன்று இருக்கிறது. முதல் மூன்று நாள் பெற்றோர் கூடவே இருப்பார்கள், பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் முதல் முயற்சி, அதுவும் அதிகபட்சம் அரை மணி நேரம். அந்த நாள் திங்கட்கிழமையாக இருந்தால் ஒருநாள் தள்ளிப்போடுவார்கள். வாரக்கடைசி முழுவதும் அம்மாவோடு இருந்த குழந்தைக்கு அன்று இன்னும் கடினம். வீட்டில் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

வயிறு நிறைந்து, தூக்கக் கலக்கம் இல்லாத நேரமாகப் பார்த்து, சொல்லிவிட்டு வெளியே போங்கள். தெருமுனைக் கடை வரை போதும். குழந்தை அழும். அழுததா என்பதைப் பார்க்காதீர்கள். பார்த்துக்கொள்பவர் தூக்கிச் சமாதானப்படுத்தினால் ஓய்கிறதா என்பதைப் பாருங்கள். சில நிமிடத்தில் ஓய்ந்தால், நாளைக்கு இருபது நிமிடம், அடுத்து ஒரு மணி, பிறகு அரை நாள் என்று நீட்டலாம். அவர் தொட்டாலே திமிறி, மூச்சு வாங்க அழுதால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு நாள் படி 1-க்குப் போய்விட்டு மறுபடி முயலுங்கள்.

அத்தை தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அழுகை எத்தனை நிமிடம் நீடித்தது என்று குறித்து வைத்தார். முதல் நாள் பத்து நிமிடமும் ஓயவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஆறு நிமிடம். வேலைக்குப் போன முதல் நாள் நாற்பது நிமிடம். அன்று மேசையில் ஒரு கோப்பைக்கூட என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை. அடுத்த புதன்கிழமை பன்னிரண்டு. மூன்றாம் வார இறுதியில் இரண்டு, மூன்று நிமிடம். எழுதி வைத்திருக்காவிட்டால், 'தினமும் அழுகிறாள்' என்பது மட்டும்தான் எங்களுக்கு நினைவிருந்திருக்கும். குறைந்துகொண்டே வருகிறது என்பது தெரிந்திருக்காது.

படி 4: வாசலில் விடைபெறுங்கள்

தமிழில் வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய்விட்டு வருகிறேன்' என்கிறோம். அந்த ஒரு வாக்கியம் போதும். அதோடு, குழந்தைக்குத் தெரிந்த ஒரு நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணி என்பது அதற்குத் தெரியாது. தூங்கி எழுவது தெரியும். நான் தினமும் சொன்னது இதுதான்: "போய்விட்டு வருகிறேன் கண்ணு. நீ தூங்கி எழுந்து, பழம் சாப்பிட்டு, வாசலில் நிற்கும்போது அம்மா வந்துவிடுவேன்." பிறகு நெற்றியில் ஒரு முத்தம், கையசைப்பு. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள்.

அத்தை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளை அழ அழ எப்படியம்மா போவாய்? நான் காக்காய் காட்டுகிறேன், நீ கிளம்பு" என்றார். மனம் தாங்காமல் சொன்னதுதான். "நான் போனதைப் பார்த்துவிட்டு அழட்டும் அத்தை. நீங்கள் இருக்கிறீர்களே, சமாதானமாகிவிடுவாள். போனதே தெரியாவிட்டால் நாளெல்லாம் தேடுவாள்" என்றேன். கைப்பையைப் பார்த்தாலே அழுகிறாள், இரவிலும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள் என்பதை அவரும் பார்த்திருந்தார். சம்மதித்தார்.

இங்கே பலரும் செய்யும் தவறு, கேட்டைத் தாண்டிய பிறகு அழுகையைக் கேட்டுத் திரும்பி வருவது. ஒருநாள் நானும் வந்தேன். அடுத்த இரண்டு நாள் அழுகை இரட்டிப்பானது. பலமாக அழுதால் அம்மா திரும்புவாள் என்பது ஒரே தடவையில் பதிந்துவிடும். கிளம்பிவிட்டால் கிளம்பியதுதான். பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பு வேண்டாம். ஓய்ந்த குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி தொடங்கும்.

படி 5: திரும்பி வந்த முதல் இருபது நிமிடம்

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, அம்மா சில நிமிடம் அறையை விட்டுப் போய் வரும்படி செய்தார். அவர் முக்கியமாகக் கவனித்தது, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதை. ஓடி வந்து ஒட்டிக்கொண்டு, ஆறுதலடைந்து, மறுபடி விளையாடப் போகும் குழந்தையின் பிணைப்பு உறுதியானது. காலையில் எவ்வளவு அழுதிருந்தாலும் சரி.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குள் போகாதீர்கள். கைகால் கழுவிவிட்டுத் தரையில் உட்காருங்கள். தாய்ப்பால் தொடர்பவர்கள் அப்போதே கொடுக்கலாம். சில நாள் குழந்தை உங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அல்லது பகலெல்லாம் சிரித்துவிட்டு உங்களைக் கண்டதும் அழும். அடக்கி வைத்திருந்ததை உங்களிடம் கொட்டுகிறது, அவ்வளவுதான். இழுத்து அணைக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருங்கள்; தானாக வரும். குழம்பு அரை மணி தாமதமாகட்டும். வீட்டில் இருக்கும் ஆண்கள் அந்த இருபது நிமிடத்துக்கு அரிசியைக் களைந்து குக்கரை ஏற்றலாம்.

இரவில் அடிக்கடி எழுந்து பால் கேட்பதும் இந்த வாரங்களில் சாதாரணம். பகலில் கிடைக்காததை இரவில் ஈடுகட்டுகிறது.

படி 6: மறுபடி தொடங்கும்போது

காய்ச்சலுக்குப் பிறகும், பொங்கல் போன்ற நீண்ட விடுமுறைக்குப் பிறகும், வீடு மாறினாலும், அழுகை திரும்பி வரும். அப்போது புதிதாக எதையும் தேடாமல் படி 3-இல் இருந்து தொடங்குங்கள். இந்த முறை இரண்டு, மூன்று நாளில் சரியாகிவிடும்.

இப்படிச் செய்து நான்கு வாரம் ஆன பிறகும் அழுகை குறையவே இல்லை, பகலில் சாப்பிடுவதில்லை, எடை ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென ஒட்டிக்கொண்டு அழுதால் காதுவலியாகவும் இருக்கலாம். பார்த்துக்கொள்பவரைக் கண்டாலே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுகூட, மிரண்டு ஒடுங்கினால் அதைப் பிரிவு அழுகை என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.