மாலை அங்கே, கட்டு இங்கே: வெளிநாட்டிலிருந்து சபரிமலைக்கு வரும் சாமிமாருக்கு எங்கள் கடையின் அறிவிப்பு

சாமி சரணம். மதுரையில் இருமுடிச் சாமான் விற்கும் கடை எங்களுடையது. கார்த்திகை பிறந்தால் சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று பல ஊர்ச் சாமிமார் வந்து இறங்குகிறார்கள். பாதிப் பேர் தேவையில்லாததைச் சுமந்து வருகிறார்கள், தேவையானதை விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

நாற்பத்தொரு நாள் விரதத்துக்கு ஊரில் வந்து தங்க யாருக்கும் லீவு கிடைக்காது. ஆகவே மாலையை நீங்கள் இருக்கும் ஊரிலேயே, கோயிலிலோ பெற்றவர் கையாலோ குருசாமி கையாலோ போட்டுக்கொண்டு வாருங்கள். முந்தைய பயணத்திலேயே எங்களிடம் மாலை வாங்கிவைப்பவர்களும் உண்டு. துளசி மாலை ரூ. 180, உருத்திராட்ச மாலை ரூ. 250, ஐயப்பன் டாலர் ரூ. 30. ஒரு வேண்டுகோள்: கடையில் மாலையைக் கழுத்தில் போட்டு அளவு பார்க்க வேண்டாம். நூலால் அளந்து தருகிறோம்.

இங்கே வந்து வாங்க வேண்டியது கட்டுச் சாமான்தான். அதில் கவனம் வேண்டியது நெய்த்தேங்காய். முற்றிய காயாக எடுத்து, நார் சீவி வழுவழுப்பாக்கி, மெல்லிய கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, ஒரு இரவு கவிழ்த்து வைத்துத் தருகிறோம். கார்க்குடன் ரூ. 35. உள்ளே ஈரம் நின்றால் நெய் வாடை மாறிவிடும். மயிரிழை விரிசல் இருந்தால் மலையேறும்போது பை கசியத் தொடங்கும். ஆகவே வாங்கும்போதே வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள், சந்தேகமிருந்தால் மாற்றித் தருகிறோம். கட்டுக்கு முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே வந்து கேட்டால் ஈரக்காய்தான் கிடைக்கும், அதை விற்க மாட்டோம்.

"நெய்யையும் நீங்களே ஊற்றி அடைத்துக் கொடுத்துவிடுங்களேன்" என்று அவசரத்தில் சிலர் கேட்கிறார்கள். செய்ய மாட்டோம். சரணம் சொல்லி உங்கள் கையால் நிறைக்க வேண்டிய நெய் அது. வீட்டார் ஆளுக்கொரு பிடி அரிசி போட்டு அனுப்புவதும் அந்தக் கட்டு நிறைப்பில்தான். குருசாமி கிடைக்காவிட்டால் ஊர் ஐயப்பன் கோயிலில் கேளுங்கள். பம்பை கணபதி கோயிலிலும் கட்டு நிறைக்கும் வசதி உண்டு. நெய்யை உருக்கி, ஆறவைத்து, வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

எங்கள் சாமான் கட்டில் (ரூ. 140) அரிசி, வெல்லம், மஞ்சள்பொடி, விபூதி, வாவருக்கு மிளகு, மாளிகைப்புரத்தில் உருட்ட ஒரு தேங்காய் இருக்கும். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் இருக்காது. சன்னிதானத்தில் அவை பயன்படாமல் குப்பையாகச் சேர்வதால், தந்திரியின் யோசனைப்படி 2024 பருவத்திலிருந்து இருமுடியில் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய குருசாமிமார் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கட்டு பூஜைக்கு வேண்டுமானால் தனியாக வாங்கி வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலங்கள் எல்லாம் துணியிலும் காகிதத்திலும்தான். பிளாஸ்டிக்குக்கு மலையில் தடை.

சிங்கப்பூரிலிருந்து அப்பாவும் எட்டு வயதுக் கன்னிசாமி மகனும் வருவதாக வைத்துக்கொள்வோம். பெரியவர் பை ரூ. 180, சிறுவர் பை ரூ. 130. சாமான் கட்டு இரண்டு ரூ. 280, நெய்த்தேங்காய் இரண்டு ரூ. 70. பசுநெய் அரை லிட்டர் ரூ. 380, இருவருக்கும் அதுவே போதும். மகனுக்குச் சரக்கோல் ரூ. 20. கருப்பு வேட்டி துண்டு அப்பாவுக்கு ரூ. 340, மகனுக்கு ரூ. 220. மொத்தம் ரூ. 1,620. பேரம் கிடையாது, ரசீது உண்டு. போன பயணத்தில் மிஞ்சிய 2,000 ரூபாய் நோட்டைக் கொண்டுவராதீர்கள். 2023இல் திரும்பப் பெறத் தொடங்கிய நோட்டு, கடையில் வாங்க இயலாது.

இன்றைய இருப்பு: பெரியவர் பை போதிய அளவு உள்ளது. சிறுவர் பை பதினான்குதான். நீல வேட்டி தீர்ந்துவிட்டது, கார்த்திகை பத்தாம் தேதிக்குமேல் வரும். காவியும் கருப்பும் இருக்கின்றன.

சென்னையில் கட்டு கட்டிக் கொச்சிக்கு விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான விதிப்படி தேங்காயைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. இருமுடிக்கென்று 2025 ஜனவரி 20 வரை சிறப்பு அனுமதி தந்தார்கள். அது பருவத்துக்குப் பருவம் அறிவிக்கப்படுவது. டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், இருமுடியைச் சரக்கோடு போடச் சாமிமாருக்கு மனம் வராது. மதுரையிலிருந்து தேனி, குமுளி வழியாகக் காரில் போனால் இந்தக் கவலையில்லை. தரிசன முன்பதிவை sabarimalaonline.org தளத்தில் செய்துவிட்டு, பதிவு செய்த அதே அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

விரதம் முடித்து ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் உருத்திராட்ச மாலையை விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். அங்கே அது விதை என்ற கணக்கில் வரும்.

கடை காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை. சாமிமார் செருப்பை வாசலில் விட்டு வரலாம், குடிக்கச் சுக்குநீர் வைத்திருக்கிறோம்.