பிரியாணி ஒன்றரை மணி நேரம் லேட்: வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

கிளவுட் கிச்சனில் உட்கார்ந்து சாப்பிட மேசை இல்லை. பசியோடு காத்திருப்பவரின் முகத்தை நாம் பார்ப்பதும் இல்லை. தாமதமாகும்போது அவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்தான். வேளச்சேரியில் நான் நடத்தும் கிச்சனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு மட்டன் பிரியாணி. ஒன்று 280 ரூபாய், டெலிவரி 60, மொத்தம் 1,740. மதியம் 1 மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தோம். காலையில் நாற்பது பேருக்கான ஆர்டர் ஒன்றையும் கூடவே ஏற்றதில், இரண்டாவது அண்டாவை 1:10க்குத்தான் தம்மில் போட முடிந்தது. பிரியாணி போய்ச் சேர்ந்தபோது மணி 2:25.

முதல் படி: சொன்ன நேரத்துக்கு முன்பே எழுதுங்கள்

தாமதமாகும் என்பது 12:40க்கே எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே எழுத வேண்டியது அப்போதுதான். 1:15க்கு அவர்களே போன் செய்த பிறகு எழுதினால், அது கேட்டதற்குச் சொல்லும் பதிலாகிவிடும். "இன்னும் பத்து நிமிஷம்" என்று எழுதவே கூடாது. தம் போட, உடைக்க, பேக் செய்ய, வண்டி போக எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் பத்து நிமிடம் சேர்த்து, நேரத்தைக் கடிகாரக் கணக்கில் சொல்லுங்கள். நான் அனுப்பியது:

> வணக்கம் மேடம். உங்கள் ஆறு மட்டன் பிரியாணி 1 மணிக்கு வராது. எங்கள் தவறுதான், இன்று தாங்க முடியாத அளவுக்கு ஆர்டர் எடுத்துவிட்டோம். 2:30க்குள் வந்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், 1,740 ரூபாயையும் உடனே திருப்பி அனுப்புகிறோம்.

கடைசி வரிதான் முக்கியம். வீட்டில் விருந்தாளிகள் இருந்தால், வேறு இடத்தில் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைக்கும். அவர்கள் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது படி: தொகையை முடிவு செய்யுங்கள்

அரை மணி நேரம் வரை என்றால் நான் டெலிவரி கட்டணத்தைத் தருவேன். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உணவு விலையில் பாதியும் டெலிவரி கட்டணமும். சாப்பிடும் வேளையே போய்விட்டது என்றாலோ, உணவு ஆறிப்போய் வந்தாலோ முழுப் பணம். அன்று 1,680இல் பாதி 840, அதோடு 60, ஆக 900 ரூபாய்.

அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருவதை நான் ஈடாக நினைப்பதில்லை. இன்னொரு முறை நம்மிடம் செலவு செய்தால்தானே அது அவர்களுக்குக் கிடைக்கும்!

மூன்றாவது படி: பணத்தை அனுப்பிவிட்டு மன்னிப்பு எழுதுங்கள்

உணவு போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, பணம் வந்த அதே யு.பி.ஐ. ஐ.டி.க்கு அனுப்பினேன். அப்புறம்தான் மெசேஜ்:

> மேடம், 1 மணிக்குச் சொன்ன பிரியாணி 2:25க்கு வந்தது. விருந்தாளிகள் முன் உங்களைக் காக்க வைத்துவிட்டோம், மன்னித்துவிடுங்கள். 1:50க்குத்தான் பேக் செய்தோம், வெளியே கிடந்த உணவு இல்லை. 900 ரூபாய் நீங்கள் பணம் அனுப்பிய யு.பி.ஐ.க்கே அனுப்பியிருக்கிறோம். பணம் அனுப்பியதற்கான யு.டி.ஆர். எண் கீழே. இதற்காக நாங்கள் ஓ.டி.பி.யோ பின் நம்பரோ கேட்க மாட்டோம்.

பேக் செய்த நேரத்தை எழுதக் காரணம் உண்டு. தாமதமாக வந்த உணவைப் பார்த்ததும் "எப்போது செய்ததோ" என்ற சந்தேகம் வரும். உண்மையிலேயே பேக் செய்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சூடில்லாமல் கிடந்த பிரியாணி என்றால் அதை அனுப்பவே அனுப்பாதீர்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். ஓ.டி.பி. வரியும் வீண் இல்லை. ரீஃபண்ட் என்று சொல்லி ஏமாற்றுபவர்கள் அதிகம், அதனால் மக்கள் பயப்படுகிறார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

பேமெண்ட் கேட்வே வழியாக வந்த பணம் என்றால் திரும்பிப் போக பொதுவாக 5 முதல் 7 வேலை நாட்கள் ஆகும். "அனுப்பிவிட்டோம்" என்று மட்டும் எழுதினால் மறுநாளே பொய்யர்களாகிவிடுவோம். எத்தனை நாளாகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதக் கூடாதவை

"ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" வேண்டாம். அதில் யார் தவறு செய்தார்கள், என்ன நடந்தது என்று எதுவுமே இல்லை. டெலிவரி தம்பி மேல் பழியைப் போடாதீர்கள். அன்று அவர் எங்கள் வாசலில் நாற்பது நிமிடம் நின்றார். மழை, டிராஃபிக் என்றெல்லாம் எழுதுவது உண்மையாக இருந்தால் மட்டும்.

டெலிவரி ஆப் வழியாக வந்த ஆர்டர் என்றால் கதை வேறு. வாடிக்கையாளர் எண் பெரும்பாலும் நம்மிடம் இருக்காது, ரீஃபண்டும் ஆப் வழியாகத்தான் போகும். மேலே சொன்னதெல்லாம் நேரடி ஆர்டர்களுக்குத்தான்.

அன்று மாலை "பணம் வந்துவிட்டது" என்று மட்டும் பதில் வந்தது. நன்றி சொன்னேன். கூகுளில் ரேட்டிங் போடுங்கள் என்று கேட்கவில்லை, அந்த வாரம் அவர்களுக்கு மெனுவும் அனுப்பவில்லை.