ரூட்டரை ரீசெட் செய்யும் முன் ஒரு போன்

கல்லிடைக்குறிச்சியில் அத்தை வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துபோயிற்று. அதை மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் உட்கார்ந்தான். பிரவுசரில் `192.168.1.1` என்று அடித்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. கனெக்‌ஷன் வாங்கிய புதிதில் மாற்றி வைத்தது, யாருக்கும் நினைவில்லை. ரூட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அமுக்கிவிட்டான். மதியம் அத்தை என்னைக் கூப்பிட்டார். "பாளையில இருந்து ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்யா. வைஃபை காட்டுது, ஆனா நெட்டு வரல."

ரீசெட் செய்ததில் பிழை இல்லை. அட்மின் பாஸ்வேர்டு அடியோடு மறந்துவிட்டால் வேறு வழி பெரும்பாலும் கிடையாது. ஆனால் அந்த ஊக்கு எதையெல்லாம் அழிக்கும் என்று தெரியாமல் கை வைத்ததுதான் பிசகு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபையில் சேர ஒன்று, ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய ஒன்று. மறந்தது வைஃபை பாஸ்வேர்டு மட்டும் என்றால் ரீசெட்டே வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து ஷேர் என்பதைத் தொட்டால் கியூஆர் கோடு வரும், அதை அடுத்த போனில் ஸ்கேன் செய்தால் போதும். அட்மின் பாஸ்வேர்டுதான் மறந்தது என்றாலும், ரூட்டரைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அதில் இருப்பதே இன்னும் வேலை செய்யும்.

அதுவும் இல்லை என்றால் ரீசெட்தான். அது ரூட்டரைக் கடையிலிருந்து வந்த நாளுக்குக் கொண்டுபோய்விடும். மறந்த பாஸ்வேர்டு போய் ஸ்டிக்கரில் உள்ளது திரும்ப வரும், அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் கூடவே நாம் வைத்த வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, கேமராவுக்காகச் செய்து வைத்த அமைப்புகள், எல்லாம் போகும். இவற்றைவிட முக்கியமாக, நெட் நிறுவனத்தின் லாகினும் போகும். பல ஃபைபர் கனெக்‌ஷன்களில் ரூட்டர் நமக்காக ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்துத்தான் நெட்டுக்குள் நுழைகிறது. செட்டிங்ஸில் அதற்கு `PPPoE` என்று பெயர். சில இடங்களில் `VLAN ID` என்று ஒரு எண்ணும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் அன்றைக்கே அடித்துவிட்டுப் போயிருப்பான், நம் கண்ணில் பட்டிருக்கவே படாது.

அத்தை வீட்டில் நடந்தது இதுதான். நான் போய்ப் பார்த்தபோது ஃபைபர் விளக்கு பச்சையாக நின்று எரிந்தது, அதாவது கேபிளில் கோளாறு இல்லை. ஸ்டிக்கரில் இருந்த பெயரில் வைஃபையும் வந்தது. இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் லாகின் அழிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நெட்காரர் போன் எடுக்கவில்லை. திங்கள் காலையில்தான் விவரம் கிடைத்தது, அதை அடித்த இரண்டாவது நிமிஷம் நெட் வந்துவிட்டது. சில நிறுவனங்களின் ரூட்டர் இந்த விவரத்தைத் தானாகவே திரும்ப வாங்கிக்கொள்ளும். உங்களுடையது எப்படி என்று அமுக்குவதற்கு முன் போன் செய்து கேளுங்கள், லாகின் தேவை என்றால் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அமுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ரூட்டர் ஆனில் இருக்க வேண்டும். சிம் ஊசியை விட்டுப் பத்து விநாடிக்குக் குறையாமல், விளக்குகள் எல்லாம் அணைந்து எரியும் வரை பிடித்திருக்க வேண்டும். லேசாகத் தொட்டு எடுத்தால் ஒன்றும் நடக்காது, அல்லது வெறுமனே ரீஸ்டார்ட் ஆகும். விட்ட பிறகு இரண்டு மூன்று நிமிஷம் சுவிட்சைத் தொடாதீர்கள்.

அப்புறம், வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்தால் டிவி, கேமரா எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அத்தைக்கோ பாஸ்வேர்டை மாற்றுவதுதான் நோக்கம், அதனால் ஒவ்வொன்றிலும் புதிதாக அடித்தோம். மாடிக் கேமராவுக்கு மட்டும் ஏணி போட வேண்டியிருந்தது.

பழைய செட்டிங்ஸின் பேக்கப் ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தாலும் யோசித்துப் போடுங்கள். பல ரூட்டர்களில் அந்த ஃபைலுக்குள் அட்மின் பாஸ்வேர்டும் இருக்கும், ஏற்றியதும் மறந்துபோன அதே பாஸ்வேர்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கையால் அடிப்பதே மேல். புது அட்மின் பாஸ்வேர்டையும் நெட் லாகினையும் ஒரு தாளில் எழுதி, அத்தை வீட்டு இபி கார்டு இருக்கும் உறைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.