110 வோல்ட் இருக்கிறதே என்று பி.டி.யில் விளக்கை மாட்டாதீர்கள்

துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையின் 22 கே.வி. சுவிட்ச் ரூமில் நான் பராமரிப்பு வேலையில் இருந்தபோது, பேனல் மீட்டரில் ஒரு விசித்திரம் தெரிந்தது. முதல் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 21.7 கே.வி., அடுத்த ஜோடியில் 22.1 கே.வி. எந்த பிரேக்கரும் டிரிப் ஆகவில்லை. எதுவும் சூடாகவும் இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, 22 கே.வி.யை மீட்டருக்காக 110 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பி.டி., அதாவது பொட்டன்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர், இருந்த அறையின் பின்பக்கம் ஒரு 100 வாட் விளக்கு எரிவதைப் பார்த்தோம். அதன் வயர் பி.டி.யின் செகண்டரி டெர்மினலுக்குப் போயிருந்தது.

மாட்டிய தம்பி கப்பல் பட்டறையிலிருந்து வந்தவர். அங்கே கையில் பிடிக்கும் விளக்கு, டிரில் எல்லாமே 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஓடும். “அண்ணே, இதுவும் 110 வோல்ட்தானே? பிளேட்டுல 300 வி.ஏ.ன்னு போட்டிருக்கு. 100 வாட் விளக்கு என்ன பண்ணிடும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் படித்த எண்ணும் சரிதான். அது எதைச் சொல்கிறது என்பதில்தான் பிழை.

பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 1000 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால், அவ்வளவு சுமையை நாள் முழுக்கச் சுமந்தாலும் சூடு வரம்பைத் தாண்டாது என்று பொருள். முழுச் சுமையில் அதன் வோல்டேஜ் 3, 4 சதவீதம் இறங்கும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. டேப்பை மாற்றிச் சரிசெய்துகொள்வோம். பி.டி.யின் பிளேட்டிலோ இரண்டு வி.ஏ. எண்கள் இருக்கும். எங்கள் பி.டி.யில் ஒன்று ‘50 வி.ஏ., கிளாஸ் 0.5’. இன்னொன்று ‘தெர்மல் லிமிட் 300 வி.ஏ.’. இரண்டாவதுதான் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணைப் போன்றது: சூடு தாங்கும், ஆனால் அளவு சரியாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்காது. முதல் எண்தான் பர்டன். சுமை 50 வி.ஏ.வுக்குள் இருக்கும் வரைதான் அளவுப் பிழை அரை சதவீதத்துக்குள் நிற்கும்.

அந்த விளக்கு என்ன செய்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோதனைச் சான்றிதழில் 12.5 வி.ஏ. சுமையில் பிழை +0.3%, 50 வி.ஏ.வில் −0.4% என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 37.5 வி.ஏ. கூடினால் அளவு 0.7% இறங்குகிறது. மீட்டரின் 4 வி.ஏ.வோடு விளக்கின் 100 சேர்ந்தால் 104. வரம்பைத் தாண்டி 54 வி.ஏ. அதற்கு இன்னொரு 1% இறங்கும். மொத்தம் ஏறக்குறைய −1.4%. 110 வோல்ட்டுக்குப் பதில் 108.5. அதை 200-ஆல் பெருக்கினால் 21.7 கே.வி. மீட்டர் காட்டியதும் அதுதான். செகண்டரியில் ஓடிய கரண்ட் ஒரு ஆம்பியரைக்கூடத் தொடவில்லை, அதனால் 2 ஆம்பியர் எம்.சி.பி. அசையவில்லை.

அது இரண்டு பி.டி. வைத்து அளக்கும் அமைப்பு. பவர் ஃபேக்டர் ஒன்றுக்கு அருகில் இருந்தால் ஒவ்வொரு பி.டி.யும் ஏறக்குறைய பாதி யூனிட்டை அளக்கிறது. எனவே மொத்தத்தில் 0.7% குறையும். மாதம் 3 லட்சம் யூனிட் ஓடும் இடத்தில் 2,100 யூனிட் கணக்கில் வராது. கட்டண மீட்டருக்கும் எங்கள் பேனல் மீட்டருக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்விக்கும் விடை அங்கேதான் இருந்தது. இப்படிச் சந்தேகம் வந்தால் பி.டி. டெர்மினலிலேயே நல்ல மல்டிமீட்டரை வைத்து, சுமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது வோல்டேஜ் துள்ளுகிறதோ அதுதான் வேண்டாத விருந்தாளி.

சரி, சுமை குறைந்தால் நல்லதுதானே என்று நினைப்பது இதற்கு எதிர்ப்பக்கத் தவறு. சர்வதேச மின் தரநிலையான ஐ.இ.சி. 61869-3 விதிப்படி, 50 வி.ஏ. போன்ற பி.டி.க்குத் துல்லிய வாக்கு 25% முதல் 100% சுமை வரைதான். பழைய முள் மீட்டர்களை எடுத்துவிட்டு 4 வி.ஏ. மட்டும் இழுக்கும் டிஜிட்டல் மீட்டரை வைத்தால் சுமை 12.5-க்குக் கீழே போய்விடுகிறது. உடனே அளவு கெட்டுவிடும் என்றில்லை, ஆனால் கிளாஸ் 0.5 என்ற உத்தரவாதம் இனி கிடையாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் 10 வி.ஏ. அல்லது அதற்குக் கீழே, பூஜ்யம் முதல் முழுச் சுமை வரை துல்லியம் தரும் வகையைக் கேட்பதுதான் சரி என்பேன். ‘பெரிய எண்ணாக இருந்தால் பாதுகாப்பு’ என்பது பவர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குபவரின் பழக்கம். அதேபோல 3பி என்று எழுதியது பாதுகாப்பு ரிலேவுக்கான சுருள். அதில் 3% வரை பிழை வரலாம், யூனிட் கணக்குக்கு அது ஆகாது.

கிளாஸ் தரும் உத்தரவாதம் பி.டி.யின் டெர்மினல் வரைக்கும்தான், மீட்டர் வரைக்கும் அல்ல. இதையும் பலர் மறக்கிறார்கள். 2.5 சதுர மி.மீ. கேபிள் 40 மீட்டர் போனால், போக வரச் சேர்த்து ஏறக்குறைய 0.6 ஓம். முழு 50 வி.ஏ. சுமையில் 0.27 வோல்ட் அதிலேயே போய்விடும், அதாவது 0.25%. அரை சதவீதத்தில் பாதி வழியிலேயே செலவாகிவிட்டது. மீட்டருக்கு ரிலேயோடு பங்கு போடாத தனி கேபிள் இழுப்பது இதனால்தான்.

இனி செகண்டரியைக் கையாளும் விஷயம். கரண்ட்டை அளக்கும் சி.டி.யின் செகண்டரியைத் திறந்து விடக்கூடாது என்று எல்லோருக்கும் மனப்பாடம். பி.டி.யை ஷார்ட் ஆக விடக்கூடாது. பிரைமரி பக்கம் ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று நம்புவதுதான் இதில் பெரிய தவறு. 50 வி.ஏ. சுமையில் 22 கே.வி. பக்கம் ஓடுவது வெறும் 2.3 மில்லி ஆம்பியர். செகண்டரியில் ஷார்ட் ஆகி 40 ஆம்பியர் ஓடினாலும் பிரைமரியில் 0.2 ஆம்பியர்தான். அங்கே இருக்கும் சில ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது, சுருள்தான் கருகும். ஐ.இ.சி. விதி பி.டி.யிடம் ஷார்ட்டை 1 வினாடி தாங்கச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு வினாடிக்குள் செகண்டரி எம்.சி.பி. விழ வேண்டும். அதை மாற்றும்போது கையில் கிடைத்த 10 ஆம்பியரைப் போடாதீர்கள். எர்த் செய்த வயரில் ஃபியூஸும் வேண்டாம், எர்த் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

என்னை இன்றும் பயமுறுத்துவது வேறொன்று. ஷட்டவுன் நாளில் ரிலே சோதிக்கிறோம் என்று செகண்டரி வயரில் 110 வோல்ட் கொடுப்போம். பி.டி. இணைந்தே இருந்தால் அது திரும்பி வேலை செய்து, மேலே 22,000 வோல்ட்டை எழுப்பிவிடும். சுமையில்லாத பி.டி.க்குத் தேவைப்படும் காந்தமாக்கும் கரண்ட் மிகக் குறைவு. சாதாரண ரிலே டெஸ்ட் கிட்டே போதும். மேலே ‘செத்த’ பஸ்பாரைத் துடைத்துக்கொண்டு ஒருவர் நிற்கலாம். அதனால் சோதனைக்கு முன் பி.டி.யை இணைப்பிலிருந்து வெளியே இழுத்து, அதாவது ரேக் அவுட் செய்து, பூட்டுங்கள். செகண்டரி எம்.சி.பி.யை இறக்கிப் பூட்டுங்கள். டெஸ்ட் பிளாக்கில் பி.டி. பக்கத்தைப் பிரித்துவிட்டு, ரிலே பக்கம் மட்டும் வோல்டேஜ் கொடுங்கள். ஒரு பஸ் பி.டி.யிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் இருந்தால் அந்த வழியையும் பிரிக்க வேண்டும், ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அந்தத் தம்பி பிறகு விளக்கைக் கழற்றி, சுவரில் இருந்த சாதாரண சாக்கெட்டிலிருந்து சைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எடுத்தார். மீட்டரில் இரண்டு ஜோடியும் 22.1 காட்டியது.