நீர்க்கடுப்பே இல்லையே, மாத்திரை எதற்கு?

எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் போன வாரம் சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து எண்ணும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் ஒன்றை நீட்டினார். 13 வாரக் கர்ப்பிணி, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஈ.கோலை கிருமி. "எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை மேடம், விட்டுடலாமா?" கர்ப்பமில்லாத பெண்ணாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இங்கே விடக்கூடாது. இதில் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

ரொட்டீன் யூரினை நம்பிக் கல்ச்சரை விடுவது

இதை நானே செய்திருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம், 14 வாரம். யூரின் ரிப்போர்ட்டில் சீழ் செல் குறைவு, 'பஸ் செல்ஸ் 2-4' என்றிருந்தது. "நார்மல்தாம்மா" என்று அனுப்பிவிட்டேன். 27-வது வாரத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர்நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டியதற்கே துள்ளினார். வயிறு வேறு அடிக்கடி இறுகியது. சிறுநீரகத்தில் தொற்று. நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற்றி, ஐந்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். குழந்தை அப்போது பிறக்காமல் தப்பியது.

சீழ் செல் இல்லாமலும் கிருமி பெருகியிருக்கும். அதை எண்ணிச் சொல்வது கல்ச்சர் மட்டும்தான். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க்குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கருப்பை அவற்றை அழுத்தும், வலப்பக்கம் கூடுதலாக. சிறுநீர் தேங்க, சிறுநீர்ப்பையிலிருக்கும் கிருமி மேலே சிறுநீரகத்துக்கு ஏற வழி கிடைக்கிறது. மருந்து கொடுக்காமல் விட்டால் நூற்றில் இருபது முப்பது பேருக்குச் சிறுநீரகம் வரை போகலாம். கொடுத்தால் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்தும் இதோடு ஒட்டியது. அதனால்தான் முதல் வருகையிலேயே கல்ச்சர் எழுதச் சொல்கிறேன். காசு கொஞ்சம் கூடத்தான். ஐந்து நாள் படுக்கைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

பாட்டிலை ஜன்னலோரம் வைத்துவிடுவது

இரண்டு மணி நேரத்துக்குள் லேப் போகவேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜ். வெயிலில் கிடந்த பாட்டிலில் கிருமி தானாகப் பெருகும். இரண்டு மூன்று வகைக் கிருமி கலந்து வந்தால் மருந்து எழுதாதீர்கள். பிறப்புறுப்பைச் சுத்தம் செய்து, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, திரும்ப அனுப்புங்கள்.

கடைசி மாதத்தில் நைட்ரோஃபுரான்டோயின்

இந்த ஆன்டிபயாடிக் அப்போது வேண்டாம். குழந்தையின் ரத்த அணுக்கள் சிதையலாம்.

மாத்திரை முடிந்ததும் மறப்பது

வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் மாத்திரை. முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர். முதலில் கொடுத்த மருந்துக்கு அடங்காத கிருமி அங்கேதான் தெரியும்.

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸை மற்றக் கிருமி போல நடத்துவது

இப்போது மாத்திரை கொடுத்தாலும் பிரசவ வலி எடுத்ததும் ஊசியில் ஆன்டிபயாடிக் வேண்டும், குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க. அந்த நேரம் டியூட்டியில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். கர்ப்பிணியின் அட்டையில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.